ரிசல்ட் நாளில் மணி போட்டுச் செய்தி போட்ட அனுபவங்கள்: 9.26க்குப் போட்டது, 9.58க்குத் திருத்தியது

குகைக்காரன்

ரிசல்ட் அன்று நிமிடத்துக்கு நிமிடம் மணி போட்டுச் செய்தி போட்டவர்கள் இங்கே இருந்தால் உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள். என் கதை கொஞ்சம் அசிங்கமான கதை. இருந்தாலும் முதலில் நானே சொல்லிவிடுகிறேன்.

2025 மே 8, வியாழக்கிழமை. முதலில் பிளஸ் டூ முடிவு 9ஆம் தேதி என்றுதான் சொல்லியிருந்தார்கள். ஒரு நாள் முன்னால் நகர்த்திவிட்டதால் அலுவலகத்துக்கு அவசர லீவு சொல்லிவிட்டு நான் படித்த பள்ளிக்குப் போய் உட்கார்ந்தேன். முன்னாள் மாணவர் குழுவில் நேரலை போடும் வேலை என்னுடையது. அன்று போட்டவை இதோ, அப்படியே:

8.41 – தலைமையாசிரியர் அறை. கம்ப்யூட்டர் ஆன். எல்லோருக்கும் டீ.
9.02 – ரிசல்ட் வந்துவிட்டது என்று டி.வி.யில் சொல்கிறார்கள். எங்களுக்குப் பக்கம் சுற்றிக்கொண்டே இருக்கிறது.
9.11 – மாநில அளவில் தேர்ச்சி 95.03 சதவீதம்.
9.26 – நம் பள்ளி: எழுதியவர் 118, தேர்ச்சி 114. 96.61 சதவீதம். மாநில சராசரியைத் தாண்டிவிட்டோம்!!!
9.58 – திருத்தம். தேர்ச்சி 112.

112ஐ 118ஆல் வகுத்தால் 94.92. அதாவது தாண்டவில்லை, கீழே இருக்கிறோம். நடுவில் போனது 32 நிமிடம்தான். அதற்குள் 9.26 பதிவு ஏழெட்டு குழுக்களுக்குப் பறந்துவிட்டது. வெளிநாட்டில் இருக்கும் ஒரு சீனியர் பணம் அனுப்பி, மத்தியானத்துக்குள் பள்ளி வாசலில் 96.61 என்று பிளக்ஸ் நின்றது.

தப்பு என்னுடையதுதான். பட்டியலில் தேர்ச்சி கட்டம் வலது ஓரத்தில் இருந்தது. நான் செல்போனில் எடுத்த படத்தில் அது வெட்டுப்பட்டுப் போயிருந்தது. மொத்த மதிப்பெண்ணைப் பார்த்தேன், எந்தப் பாடத்திலும் 35க்குக் கீழே இல்லாதவர்களை எண்ணினேன், 114 வந்தது. அதில் இரண்டு பேருக்கு இயற்பியல் மொத்தம் 42, 44. பாஸ் என்று எண்ணிக்கொண்டேன். அவர்கள் தியரியில் வாங்கியது 12, 14.

கொண்டலாம்பட்டி ரவுண்டானா

42 வாங்கினால் பாஸ்தானே? 35தான் எல்லை. உங்கள் 114தான் சரியாக இருக்கும், பட்டியலில்தான் ஏதோ கோளாறு. இன்னொன்று: சதவீதம் போடும்போது பள்ளியில் பதிவு செய்த மொத்த ஆளையும் கணக்கில் எடுக்க வேண்டும். வராதவனை விட்டுவிட்டால் எந்தப் பள்ளியும் 100 காட்டலாம்.

பழைய டெஸ்க்

ரவுண்டானா தம்பி, 35 சரி. ஆனால் செய்முறை உள்ள பாடத்தில் அது மட்டும் போதாது. தியரி 70, செய்முறை 20, அகமதிப்பீடு 10. இதில் தியரியில் தனியாக 15 எடுத்தாக வேண்டும். குகைக்காரர் சொன்ன பையனுக்கு 12 தியரி, 20 செய்முறை, 10 அகமதிப்பீடு, கூட்டினால் 42. மொத்தம் தேறியது, தியரி தேறவில்லை. அதனால் மொத்தத்தை வைத்து யாரும் தேர்ச்சி எண்ணக் கூடாது. தேர்ச்சி கட்டம் தெரியாத படம் வந்தால் படம் வரவில்லை என்றே வைத்துக்கொள்ள வேண்டும்.

சதவீதத்தில் நீங்கள் பாதி சரி. அரசு அறிவிக்கும் 95.03 தேர்வு எழுதியவர்களை வைத்துப் போட்டது. அதோடு ஒப்பிட வேண்டுமானால் நாமும் எழுதியவர்களைத்தான் கீழே போட வேண்டும். பதிவு செய்து வராமல் போனவர் கணக்கும் முக்கியம்தான், அதைத் தனி வரியாகச் சொல்லலாம்.

நான் சேலத்தில் நாளிதழ் டெஸ்க்கில் இருந்தவன். 2017ல் ரேங்க் அறிவிப்பதை நிறுத்தும் வரைக்கும் ரிசல்ட் நாள் என்றால் மாவட்ட முதலிடம் யார் என்ற வேட்டைதான். அம்மாப்பேட்டையில் ஒரு வீட்டில் போட்டோவுக்காக ஒரு பெண்ணின் வாயில் அவள் அம்மா நாலு தடவை லட்டு ஊட்டினார், நாலு பேப்பர்காரர்கள் வந்ததால். நாலாவது லட்டில் அந்தப் பெண் அழுதேவிட்டது. பத்திரிகையில் 'ஆனந்தக் கண்ணீர்' என்று போட்டோம்.

அந்த நாள்களில் நான் ஒரு நோட்டு வைத்திருப்பேன். ஒவ்வொரு வரியிலும் மூன்று விஷயம்: எத்தனை மணிக்கு எனக்குத் தெரிந்தது, என்ன, யார் சொன்னது. குகைக்காரர் பதிவில் மூன்றாவது இல்லை. 9.02க்கு 'டி.வி.யில் சொல்கிறார்கள்' என்று போட்டிருக்கிறார், அது நல்ல வரி. 9.26ல் 'படத்தைப் பார்த்து நான் எண்ணியது' என்று நாலு வார்த்தை இருந்திருந்தால் அந்த சீனியர் பிளக்ஸுக்குப் பணம் அனுப்பியிருக்க மாட்டார்.

மேட்டூர் அப்பா

என் பையனுக்கு வேதியியலில் எதிர்பார்த்ததை விட 20 மார்க் குறைவு. ரிசல்ட்டைப் பற்றித்தானே பேசுகிறீர்கள்? நேராக மறுமதிப்பீடு கேட்கலாமா? கட்ஆஃப் எவ்வளவு ஏறும்?

பழைய டெஸ்க்

ஐயா, முதலில் விடைத்தாள் நகல் கேளுங்கள். அதைப் பாட ஆசிரியரிடம் காட்டிவிட்டு அப்புறம் மறுமதிப்பீடு. என்ஜினீயரிங் கட்ஆஃப் 200ல் கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50. ஆகவே வேதியியலில் 20 கூடினால் கட்ஆஃபில் 10 கூடும்.

நாகலூர் டீச்சர்

ஏற்காட்டில் நான் வேலை பார்க்கும் பள்ளி சின்னது. 31 பிள்ளைகள் எழுதினார்கள். பெற்றோர் பெரும்பாலும் எஸ்டேட்டில் இருப்பார்கள், குழுவில் ஒரு வரி போட்டால் வேலைக்கு நடுவே பார்த்துக்கொள்வார்கள் என்று ஆரம்பித்தேன்.

மலையில் முதல் சிக்கல் டவர். 9.04க்கு 'இன்னும் வரவில்லை, காத்திருக்கிறோம்' என்று எழுதி அனுப்பினேன். அது போய்ச் சேர்ந்தது 9.40க்கு. அதற்குள் முடிவு வந்து, பிள்ளைகள் பள்ளி வாசலில் குதித்துக்கொண்டிருக்கிறார்கள். கீழே இருக்கும் ஒரு அப்பா நம் பள்ளிக்கு மட்டும் ரிசல்ட் நிறுத்தி வைத்துவிட்டார்களோ என்று பயந்து, வேலையை விட்டுவிட்டு மேலே வந்துவிட்டார். அன்றிலிருந்து மணியைச் செய்திக்குள்ளேயே எழுதுகிறேன். 'இப்போது', 'சற்றுமுன்' என்று எழுதுவதே இல்லை.

இன்னொன்று சொல்ல வேண்டும். 31ல் 30 தேர்ச்சி. எனக்கு 9.20க்கே தெரியும். ஆனால் அந்த எண்ணைப் போட்டால் மீதி ஒருவர் யார் என்று பத்து நிமிடத்தில் ஊருக்கே தெரிந்துவிடும். அந்தப் பிள்ளை அன்று பள்ளிக்கு வரவில்லை, போனும் இல்லை. பக்கத்து வீட்டு அக்காவைப் பிடித்து, அவர் போய் அம்மாவை அழைத்து வந்து, நானே பேசி, துணைத் தேர்வு இருக்கிறது, விண்ணப்பம் நான் போட்டுத் தருகிறேன் என்று சொல்லி முடித்தபோது 10.35. அதற்கப்புறம்தான் எண்ணைப் போட்டேன். நடுவில் குழுவில் கேட்டவர்களுக்கு 9.30க்கு 'எண்ணிக்கை சரிபார்க்கப்படுகிறது' என்று ஒரு வரி.

பழைய டெஸ்க்

டீச்சர், நீங்கள் செய்ததைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் அந்த 9.30 வரி உண்மை இல்லையே. சரிபார்த்து முடித்துவிட்டீர்கள். 'பள்ளி எண்ணிக்கை 10.30க்கு மேல்' என்று போட்டிருக்கலாம். பொய்யும் இல்லை, யாரையும் காட்டியும் கொடுக்காது.

நாகலூர் டீச்சர்

எப்போது பேசி முடிப்பேன் என்று எனக்கே தெரியாதே சார். 10.30 என்று போட்டு 11 ஆகியிருந்தால்?

குகைக்காரன்

டீச்சர் சொன்னதைப் படித்த பிறகு எனக்கு அந்த இரண்டு பையன்கள்தான் நினைவுக்கு வருகிறார்கள். அதில் ஒருவன் மட்டும் என் 9.26 பதிவைப் பார்த்திருக்கிறான். வகுப்பில் நாலு பேர் ஃபெயில் என்று கணக்குப் போட்டு, அந்த நாலு பேர் யார் என்று அவனுக்கே தெரிந்திருந்ததால் தான் பாஸ் என்று முடிவு செய்துகொண்டான். ரிசல்ட் பக்கம் அவன் போனில் திறக்கவே இல்லை. செவ்வாய்பேட்டையில் இருக்கும் பாட்டிக்குப் போன் போட்டுச் சொல்லிவிட்டான். 10 மணிக்கு அவன் வாத்தியார் தேடிப் போய்ச் சொன்னார். நான் போகவில்லை. போயிருக்க வேண்டும்.

டெஸ்க் சார், ஒரு கேள்வி. 9.26 பதிவை அழித்திருக்க வேண்டுமா? நான் அழிக்கவில்லை, 9.58ல் திருத்தம் மட்டும் போட்டேன்.

பழைய டெஸ்க்

அழிக்கக் கூடாது. அழித்தால் அதைப் பார்த்தவனுக்கு 'நான் பார்த்தது என்ன ஆனது' என்று குழப்பம்தான் மிஞ்சும். பழைய பதிவின் தலையிலேயே '9.58ல் திருத்தப்பட்டது, தேர்ச்சி 112' என்று சேர்க்க வேண்டும். புதுப் பதிவிலும் எது தவறு, எது சரி, ஏன் என்று முழுதாகச் சொல்ல வேண்டும். உங்கள் 9.58 வரியை மட்டும் பார்த்தவனுக்கு எதிலிருந்து 112 என்று புரியாது.

கொண்டலாம்பட்டி ரவுண்டானா

தியரி 15 விஷயம் எனக்குத் தெரியாது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அழிப்பதில் ஒத்துக்கொள்ள முடியாது. பார்வேர்டு பண்ணும் ஆள் தலையில் போட்ட வரியைப் படிக்கவா போகிறான்? 96.61 என்ற எண் அங்கே இருக்கும் வரை யாராவது எடுத்துக்கொண்டு போவார்கள். பிளக்ஸ் அடித்ததும் அப்படித்தானே?

நாகலூர் டீச்சர்

ரவுண்டானா தம்பி சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. எங்கள் குழுவாக இருந்தால் நான் அழித்துவிடுவேன் என்றுதான் நினைக்கிறேன். பேப்பர் வேறு, அம்மாக்கள் குழு வேறு.

குகைக்காரன்

மாலையில் போட்ட தொகுப்பையும் காட்டிவிடுகிறேன். முதலில் நேரலையைக் கீழிருந்து மேலே நகலெடுத்து ஒட்டப் பார்த்தேன். டீ குடித்தது முதல் எல்லாம் வந்து நின்றது. அதை விட்டுவிட்டு, அலுவலக அறையில் உட்கார்ந்து தேர்ச்சி கட்டத்தோடு முழுப் பட்டியலையும் வாங்கி, ஒவ்வொரு வரியாக எண்ணிப் புதிதாக எழுதினேன்:

'மே 8, மாலை 5.10. பள்ளிப் பட்டியலிலிருந்து எண்ணியது. பதிவு செய்தவர் 120, வராதவர் 2, எழுதியவர் 118, தேர்ச்சி 112, சதவீதம் 94.92. மாநிலம் 95.03. காலை 9.26க்கு 114 என்று போட்டது தவறு. மொத்த மதிப்பெண்ணை வைத்து எண்ணியதால் வந்த பிழை. தேறாத 6 பேரில் துணைத் தேர்வு எழுத விரும்புவோர் நாளை காலை அலுவலகத்துக்கு வரவும்.'

நேரலையை விட இதைப் படித்தவர்கள் குறைவு. கடைசி வரிக்காக மட்டும் மறுநாள் ஐந்து பேர் வந்தார்கள்.

மேட்டூர் அப்பா

சார், நகல் விண்ணப்பம் பள்ளியிலேயே கொடுக்கலாமா, ஆன்லைனிலா?

நாகலூர் டீச்சர்

பையன் படித்த பள்ளியில் கேளுங்கள் ஐயா, அங்கேயே வழி சொல்வார்கள். கடைசி தேதி கிட்டத்தில் இருக்கும், தள்ளிப் போடாதீர்கள்.

குகைக்காரரே, அந்த பிளக்ஸ் என்ன ஆச்சு?

குகைக்காரன்

எண்ணின் மேல் வெள்ளைத் தாளில் 94.92 என்று எழுதி ஒட்டினோம். இரண்டு நாளில் கோடை மழை பெய்து தாள் உரிந்துவிட்டது. அப்புறம் வாட்ச்மேன் அண்ணன் கழற்றி, சைக்கிள் ஸ்டாண்டுக்கு மேலே கூரையாகக் கட்டிவிட்டார். எழுத்துப் பக்கம் உள்ளே பார்த்திருக்கிறது.