தகவல் தாளில் “வேண்டாம் என்றால் என்ன ஆகும்” என்பதை எப்படி எழுதுவது? உங்கள் அனுபவம் சொல்லுங்கள்

சுகந்தி_கோவை
நான் ஒரு மருத்துவக் கல்லூரியில் ஆய்வு ஒருங்கிணைப்பாளர். இப்போது கையில் இருப்பது சர்க்கரை நோய் மருந்து ஆய்வு. மெட்ஃபார்மின் சாப்பிட்டும் சர்க்கரை குறையாதவர்களுக்கு, அதோடு இன்னொரு மாத்திரை சேர்த்துக் கொடுத்துப் பார்ப்பார்கள். ஆய்வுத் திட்டம் நூறு பக்கத்துக்கு மேல், எல்லாம் ஆங்கிலம். நோயாளி கையில் போகும் தகவல் தாளை அதிலிருந்து தமிழில் எழுதுவது என் வேலை.

ஒரு இடத்தை மட்டும் காட்டுகிறேன். திட்டத்தின் ஒரே வாக்கியத்தில் 1:1 விகிதம், சமவாய்ப்பு ஒதுக்கீடு, இருபக்க மறைப்பு, வெற்று மாத்திரை, 24 வாரம் எல்லாம் வந்துவிடுகின்றன. நான் எழுதியது இது:

“இதில் சேருபவர்களில் பாதிப் பேருக்குப் புது மருந்து உள்ள மாத்திரை கிடைக்கும். மீதிப் பாதிப் பேருக்கு, பார்க்க அதே மாதிரி இருக்கும், ஆனால் மருந்தே இல்லாத மாத்திரை கிடைக்கும். யாருக்கு எது என்பதைக் கணினி குலுக்கல் மாதிரி முடிவு செய்யும். உங்களுக்கு எது வந்தது என்று உங்களுக்கும் தெரியாது, உங்கள் டாக்டருக்கும் தெரியாது. உடம்புக்கு அவசரம் என்றால் உடனே பார்த்துச் சொல்ல வழி இருக்கிறது. இப்போது சாப்பிடும் மெட்ஃபார்மினை நிறுத்தக் கூடாது. ஆய்வு 24 வாரம், அதாவது சுமார் ஐந்தரை மாதம்.”

ரத்தத்துக்கும் இதே கதைதான். அட்டவணையில் 10 மில்லி என்கிறார்கள், கீழே அடிக்குறிப்பில் சேமித்து வைக்க இன்னொரு 5 மில்லி. ஐந்து தடவை வர வேண்டும். இரண்டையும் கூட்டி, “ஒவ்வொரு தடவையும் மூன்று டீஸ்பூன், மொத்தம் 75 மில்லி” என்று போட்டேன்.

இதுவரை சரி. “பங்கேற்பு உங்கள் விருப்பம், எப்போது வேண்டுமானாலும் விலகலாம்” என்ற வரிதான் உறுத்துகிறது. மருந்து நிறுவனம் தந்த மாதிரியில் அது ஆறாம் பக்கத்தில் இருக்கிறது. முதல் பக்கத்துக்குக் கொண்டுவந்துவிட்டேன். ஆனாலும் அது வெறும் வரியாகவே நிற்கிறது. நீங்கள் சேர்ந்தபோதோ, மறுத்தபோதோ, எழுதியபோதோ என்ன நடந்தது?

தேன்மொழி_திண்டுக்கல்
எங்கள் அப்பா இப்படி ஒரு ஆய்வில் இருந்தார். எந்த ஆஸ்பத்திரி என்று வேண்டாம். மாத்திரை சாப்பிட்டதும் வயிற்றைப் பிரட்டும். விட்டுவிடுங்கள் என்றால், “டாக்டர் தங்கமான மனுஷன், மனசு வருத்தப்படுவார்” என்பார். தாளில் விலகலாம் என்று போட்டிருந்தது, நானே படித்துக் காட்டினேன். அது டாக்டருக்கும் தெரியும் என்பது அவருக்கு உறைக்கவே இல்லை. இலவசமாக மூணு மாச சுகர் டெஸ்ட், பஸ் காசு வேறு. அதெல்லாம் போய்விடுமோ என்றும் பயம். கடைசியில் ஆய்வு முடிந்ததும் மாத்திரை நின்றுபோனது அவருக்குப் பெரிய ஏமாற்றம். அது தன்னுடைய மருந்து என்றே நினைத்துக்கொண்டிருந்தார்.

ரவி_87
அக்கா, சிம்பிள். மருந்து ஆய்வுகளுக்கான 2019 சட்டப்படி எல்லா ஆய்விலும் ஒப்புதலை வீடியோ எடுக்கணும். வீடியோவில் கேட்டுட்டா யாரும் கட்டாயப்படுத்த முடியாது.

பணிஓய்வு_ஆசிரியர்
ரவி, பாதி சரி. நான் இப்படிப்பட்ட ஆய்வுகளைப் பார்த்து அனுமதி தரும் ஒரு நெறிமுறைக் குழுவில் பொதுமக்கள் சார்பு உறுப்பினராக இருக்கிறேன். 2019 விதிகள் வீடியோ கேட்பது புதிய மூலக்கூறு மருந்தைச் சோதிக்கும் ஆய்வுகளில், அதுவும் எளிதில் பாதிக்கப்படக்கூடிய நிலையில் இருப்பவர்களிடம். ஹெச்.ஐ.வி., தொழுநோய் மருந்துகள் என்றால் ஒலிப்பதிவு போதும். படிக்கத் தெரியாதவருக்கு, ஆய்வோடு சம்பந்தமில்லாத சாட்சி ஒருவர் கூடவே இருக்க வேண்டும். வீடியோ இருந்தாலும் அதில் தலையாட்டுவது தெரியும், மனதுக்குள் பயம் தெரியாது.

சுகந்தி, உங்கள் வரி வெறுமையாகத் தெரிவதற்குக் காரணம், அது உரிமையைச் சொல்கிறது, அடுத்த நாளைச் சொல்லவில்லை. குழுவில் நான் எப்போதும் கேட்பது இதுதான்: மறுத்தவர் மறுநாள் ஓ.பி.க்கு வந்தால் என்ன நடக்கும்? அதை எழுதுங்கள். “நீங்கள் சேராவிட்டாலும் இதே டாக்டர்தான் பார்ப்பார். இதே மாத்திரைகள், இதே சீட்டு, இதே வரிசை. ஏன் வேண்டாம் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. வீட்டுக்குத் தாளை எடுத்துப்போய்க் கேட்டுவிட்டும் வரலாம்.” தேன்மொழி சொன்னதற்கு இன்னொரு வரி: “விலகினால் டாக்டர் வருத்தப்படுவாரோ என்று நினைக்க வேண்டாம். இப்படிச் சிலர் விலகுவார்கள் என்பது அவருக்கு முன்கூட்டியே தெரியும்.” ஆய்வு முடிந்தபின் அந்த மாத்திரை கிடைக்குமா என்பதையும் பஸ் காசுக்குப் பக்கத்திலேயே சொல்லிவிடுங்கள், கடைசிப் பக்கத்தில் அல்ல.

கலா_அம்மா
எங்க மாமியார் ஆபரேஷனுக்கும் இப்படி ஒரு பத்திரத்தில் கையெழுத்து வாங்கினாங்க. ஒண்ணும் படிக்க விடலை. அப்போ அதிலிருந்தும் விலகலாமா?

பணிஓய்வு_ஆசிரியர்
கலாம்மா, அது சிகிச்சைக்கான ஒப்புதல், இது வேறு. ஆபரேஷன் வேண்டாம் என்று அதற்கு முன்பு சொல்லலாம்தான். ஆனால் அது உங்கள் மாமியாரின் நோய்க்காகச் செய்வது. இங்கே கேட்பது, பின்னால் வரப்போகிறவர்களுக்குப் பயன்படும் ஒரு பதிலுக்காக. இவருக்குப் பலன் கிடைக்காமலும் போகலாம். தாளில் அதுவும் மறைக்காமல் இருக்க வேண்டும்.

சுகந்தி_கோவை
நன்றி சார். “இதே வரிசை” பிடித்திருக்கிறது, அப்படியே எடுத்துக்கொள்கிறேன். சேமிக்கும் 5 மில்லியை மட்டும் தனியாகப் பிரித்து, ஆம், இல்லை என்று இரண்டு கட்டம் வைத்துவிட்டேன். ஆய்வுக்குச் சரி, சேமிக்க வேண்டாம் என்று சொல்லவும் வழி இருக்கட்டும். திட்டமும் அதற்கு இடம் தருகிறது.

விலகுவதிலும் சிக்கல் இருக்கிறது. நடுவில் “போதும்” என்றால் மூன்றில் எது? மாத்திரையை மட்டும் நிறுத்திவிட்டுப் பரிசோதனைக்கு வரலாம். வருவதையும் நிறுத்திவிட்டு, போனில் உடம்பு எப்படி என்று கேட்க அனுமதிக்கலாம். எதுவுமே வேண்டாம் என்றும் சொல்லலாம். திட்டத்தில் எல்லாம் ஒரே பத்தியில் கலந்து கிடக்கிறது. மூன்றையும் தனித்தனியாக எழுதினேன். எது என்றாலும் கடைசியாக ஒரு முறை ரத்தம், பிரஷர் பார்க்கச் சொல்வோம், அதையும் மறுக்கலாம் என்று சேர்த்தேன். அதுவரை எடுத்த தகவலை அழிக்க மாட்டார்கள், மருந்து பாதுகாப்பானதா என்று பார்க்கும் கணக்கு பாதியில் அறுந்துபோகும் என்பதால். அதையும் நேராகப் போட்டுவிட்டேன்.

தேன்மொழி_திண்டுக்கல்
விலகிய பிறகும் என் தகவலை வைத்துக்கொள்வார்கள் என்றால் அது என்ன விலகல்? எனக்கு ஒப்பவில்லை. முன்பே சொல்வது நல்லதுதான், அப்பாவுக்கு யாரும் சொல்லவில்லை.

ரவி_87
அப்போ மருந்தால ஏதாவது ஆகிட்டா? விலகிட்டா பார்க்க மாட்டாங்கதானே?

பணிஓய்வு_ஆசிரியர்
ஆய்வால் பாதிப்பு என்றால் இலவச சிகிச்சை தர வேண்டும் என்பது அதே 2019 விதிகளில் இருக்கிறது. விலகியதால் அது போய்விடாது. தாளில் இதைச் சொல்லும் வரி, விலகும் பத்திக்குக் கீழேயே இருக்கட்டும். இல்லாவிட்டால் ரவி மாதிரிதான் எல்லோரும் நினைப்பார்கள்.

சுகந்தி, படித்துக் காட்டிய பிறகு “புரிந்ததா?” என்று கேட்காதீர்கள், எல்லோரும் ஆம் என்பார்கள். “நடுவில் மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லை என்றால் என்ன செய்வீர்கள், யாரிடம் சொல்வீர்கள்?” என்று கேளுங்கள். குழுவுக்கு அனுப்பும் முன் நாலைந்து ஓ.பி. நோயாளிகளிடம் இதைக் கேட்டுப் பாருங்கள். அனுமதி வந்தபின் ஒரு வரி மாற்றவும் மறுபடி குழுவுக்குத்தான் வர வேண்டும்.

சுகந்தி_கோவை
சரி சார். நாளைக்குச் சர்க்கரை ஓ.பி. நாள், கேட்டுப் பார்க்கிறேன். போனில் விசாரிப்பதைத் தனி விருப்பமாக வைக்க நிறுவனம் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை. அவர்கள் பதில் வந்ததும் சொல்கிறேன்.