டார்டாரிக் அமில வரைபடம்: கோடுகள் 0.5இல்தான் வெட்ட வேண்டுமா?

கீர்த்தனா: டார்டாரிக் அமிலத்துக்குப் பின்னம்–pH படம் எக்செல்லில் போட்டேன். pKa 3.04, 4.37. H₂T கோடும் HT⁻ கோடும் சரியாக pH 3.04இல்தான் வெட்டுகின்றன, ஆனால் அங்கே மதிப்பு 0.489 வருகிறது. பாடநூல் படத்தில் 0.5. HT⁻ கோடு 0.70க்கு மேல் ஏறவே இல்லை. எங்கே தப்பு செய்தேன்?

முத்துவேல்: ஃபார்முலாவில்தான் தப்பு இருக்கும்மா. pKa என்றாலே பாதிக்குப் பாதி, அதனால் வெட்டும் இடம் 0.5. நான் வருடக்கணக்காக போர்டில் அப்படித்தான் வரைகிறேன். நடுவில் HT⁻ கிட்டத்தட்ட 1 வரை போக வேண்டும். கடைசிப் பத்தியில் எதையாவது மாற்றிப் போட்டிருப்பாய்.

ஃபாத்திமா: கீர்த்தனா, மூன்று ஃபார்முலாவையும் அப்படியே போடுங்கள்.

கீர்த்தனா: A பத்தியில் pH. அப்புறம் H₂T, HT⁻, T²⁻ வரிசையாக:

```
B2: =1/(1+10^(A2-3.04)+10^(2*A2-7.41))
C2: =B2*10^(A2-3.04)
D2: =C2*10^(A2-4.37)
```

ஃபாத்திமா: சரியாக இருக்கிறது. மூன்றையும் தனித்தனியே கணக்கிட்டிருக்கிறீர்கள், அதனால் கூட்டிப் பார்த்து 1 வந்தால் அது உண்மையான சோதனை. D பத்தியை 1லிருந்து மற்ற இரண்டையும் கழித்துப் போட்டிருந்தால், தப்பு இருந்தாலும் கூட்டல் 1 என்றே காட்டும்.

முத்துவேல் சார், pKa1இல் H₂T-யும் HT⁻-ம் சமம் என்பது சரி. ஆனால் சமம் என்பது வேறு, பாதி என்பது வேறு. pH 3.04இல் T²⁻ ஏற்கனவே 0.023 இருக்கிறது. மீதி 0.977ஐ மற்ற இரண்டும் சமமாகப் பிரித்துக்கொண்டால் ஆளுக்கு 0.489. பாடநூல் படம் பெரும்பாலும் கார்பானிக் அமிலத்துக்கு இருக்கும். அங்கே pKa 6.35, 10.33, இடைவெளி நான்கு அலகு. முதல் வெட்டுப்புள்ளியில் மூன்றாவது ஆள் இல்லவே இல்லை என்று சொல்லலாம், அதனால் 0.5 போலவே தெரிகிறது.

முத்துவேல்: சரி, 0.489க்கும் 0.5க்கும் பென்சில் கோட்டின் தடிமன் அளவுதான் வித்தியாசம். இதற்காகப் பிள்ளைகளைக் குழப்ப வேண்டுமா?

ஃபாத்திமா: வெட்டுப்புள்ளியில் நீங்கள் சொல்வதை ஏற்கிறேன். உச்சியில் ஏற்க மாட்டேன் சார். இரண்டு pKa-வின் சராசரி 3.705, HT⁻-ன் உச்சி அங்கேதான். அதே pH-இல் H₂T-யும் T²⁻-ம் ஒன்றையொன்று வெட்டும், இரண்டும் 0.151. ஆக உச்சி 0.698. நீங்கள் 1ஐத் தொடுகிற மாதிரி வரைந்தால், கரைசலில் உள்ள அமிலத்தில் முப்பது சதவீதத்தை மறைத்துவிடுகிறீர்கள். கையால் வரைவதற்கும் வழி இருக்கிறது: pKa இடைவெளியில் பாதி 0.665. உச்சியில் H₂T, HT⁻-ல் 10^(−0.665) மடங்கு, அதாவது 0.216. T²⁻-ம் அதே அளவு. 1ஐ 1.432ஆல் வகுத்தால் உச்சி வந்துவிடும்.

அருள்: குறுக்கே வருகிறேன், மன்னிக்கவும். டைட்ரேஷனில் முதல் சமநிலைப் புள்ளி தெளிவாக வராததைத்தான் கேட்கிறீர்களா? நான் ஆஸ்திரேலியாவில் ஒயின் ஆய்வகத்தில் இருக்கிறேன், எங்களுக்கு அது பழகிய விஷயம்.

கீர்த்தனா: இல்லை அண்ணா, படத்தைப் பற்றித்தான் கேட்டேன். ஆனால் ஒயினில் இந்த உச்சி எதற்காவது பயன்படுமா?

அருள்: அங்கேதான் பயன்படும். ஒயினைக் குளிரவைத்தால் பொட்டாசியம் பைடார்ட்ரேட் தொட்டிச் சுவரில் சர்க்கரைப் பொருக்கு மாதிரி ஒட்டிப் படியும். வெளியே போவது HT⁻. pH 3.4இல் இருந்த வெள்ளை ஒயின், படிந்த பிறகு இன்னும் கொஞ்சம் இறங்கியது. 3.9இல் இருந்த சிவப்பு ஏறியது. புதிதாக வந்தபோது இதை நம்பவே முடியவில்லை.

ஃபாத்திமா: கீர்த்தனாவின் படத்திலேயே பதில் இருக்கிறது. உச்சிக்கு இடப்பக்கம் H₂T, T²⁻-ஐ விட அதிகம். HT⁻ குறைந்ததும் H₂T உடைந்து ஈடுகட்டும், H⁺ வெளிவரும், pH இறங்கும். வலப்பக்கம் T²⁻ அதிகம். அது H⁺-ஐப் பிடித்துக்கொண்டு HT⁻ ஆகும், pH ஏறும். உச்சி 1 என்று வரைந்தால் அங்கே H₂T-யும் T²⁻-ம் இருப்பதே கண்ணில் படாது.

முத்துவேல்: இது எனக்குப் புதிது. உச்சியை இனி 0.7இல் வரைகிறேன். வெட்டுப்புள்ளி 0.5 என்பதை மாற்ற மாட்டேன்.

அருள்: ஒரு விஷயம் அக்கா. 3.04, 4.37 தண்ணீருக்கான மதிப்பு. ஆல்கஹால் pKa-வைக் கொஞ்சம் ஏற்றும், கரைந்த உப்பு இறக்கும். 3.7க்கு ஒட்டி ஒரு தொட்டி வந்தால் எந்தப் பக்கம் போகும் என்று எப்படிச் சொல்வது?

ஃபாத்திமா: இந்தப் படத்தை வைத்துச் சொல்ல முடியாது. கொஞ்சம் எடுத்துக் குளிரவைத்து, pH அளந்துதான் பார்க்க வேண்டும்.