கலைச்சொல் தேவை: அடிப்படத்தின் நிறத்தைக் குறைப்பதற்கு

செல்வி:
வணக்கம். வியாழக்கிழமை அச்சுக்குப் போக வேண்டிய QGIS வரைபட மென்பொருள் பயிற்சி ஏட்டில் ஒரு சொல்லில் மாட்டிக்கொண்டு நிற்கிறேன். சென்னைப் பேருந்துத் தடங்கள் எல்லாம் உள்ள வரைபடத்தில் 21G, 29C இரண்டு மட்டும் திரையில் எடுப்பாகத் தெரிய வேண்டும், அதுதான் பயிற்சி. அடியில் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் கிடக்கிறது. அதில் பெருஞ்சாலைகளே இளஞ்சிவப்பும் ஆரஞ்சுமாக ஓடுகின்றன, 29C-க்குச் சிவப்பு கொடுத்தால் அதுவும் இன்னொரு சாலை மாதிரி கலந்துவிடுகிறது. அதனால் அடிப்படத்தின் Symbology பக்கத்தில் Saturation-ஐ -100க்கு இறக்குகிறோம். இந்த வேலைக்கு என்ன பெயர்? "டிசாச்சுரேட் செய்க" என்று எழுத மனம் வரவில்லை.

நாதன்:
இதற்கு ஏன் இவ்வளவு? 'மங்கலாக்கல்'. Opacity-ஐ 40 விழுக்காடாக்கினால் வேலை முடிந்தது. மங்கு என்பது நல்ல பழைய வேர், மங்குல், மக்கு, மசங்கு எல்லாம் அதன் பிள்ளைகள்தான்.

ரகு:
மக்கு எப்படி இதில் வந்தது என்று கேட்கப் போவதில்லை, கேட்டால் இழை முடியாது. ஆனால் Opacity வேறு, இது வேறு. Opacity குறைத்தால் பச்சைப் பூங்கா வெளிர்பச்சை ஆகும், இளஞ்சிவப்புச் சாலை இன்னும் இளைக்கும், நிறம் மட்டும் போகாது. Saturation -100 என்றால் நிறமே போய்ச் சாம்பல்தான் மிஞ்சும். அதோடு 'மங்கலாக' என்றால் மாணவர் கலங்கின படம் என்றுதான் நினைப்பார், கண்ணாடியைத் துடைப்பார். நம் வேதியியல் பாடத்தில் 'தெவிட்டிய கரைசல்' இருக்கிறதே, அந்த வழியில் 'தெவிட்டல் நீக்கம்' எனலாம்.

குமரன், யாழ்ப்பாணம்:
நாங்கள் படித்தது 'நிரம்பிய கரைசல்'. தெவிட்டல் என்றால் எங்களுக்குப் பாயாசம் கூடக் குடித்த நிலைதான் நினைவுக்கு வரும். அதை நீக்க இஞ்சிதான் வேணும்.

புலவர் ஐயா:
அன்பர்களே, நிறத்துக்கு நம்மிடம் சொல் இல்லையா? "குருவும் கெழுவும் நிறனா கும்மே" என்பது தொல்காப்பிய உரியியல். எனவே 'கெழுவிழப்பு'. செறிவான சொல், கடன் இல்லை. குருவை எடுத்தால் ஆசிரியரோடு குழப்பம் வரும், அதனால்தான் கெழு.

செல்வி:
ஐயா, மன்னிக்கவும். பள்ளிக் கணக்கில் கெழு என்பது x-க்கு முன்னால் நிற்கும் எண். இழந்தது எந்த எண் என்று வகுப்பே கேட்கும்.

பாலு:
இடையில் புகுவதற்கு மன்னிக்கவும், மகள் கல்யாணப் பத்திரிகைக்கு மண்டபத்துக்கு வழி போட வேண்டும். போனில் மேப்பைப் படம் பிடித்தால் ரோடெல்லாம் சிவப்பும் மஞ்சளுமாக விழுகிறது. இதையும் தெவிட்டல் நீக்கலாமா?

ரகு:
பாலு சார், அது நெரிசலைக் காட்டும் நிறம். லேயர் பட்டனைத் தொட்டு Traffic-ஐ அணைத்துவிட்டுப் படம் பிடியுங்கள், போதும்.

செல்வி, இன்னொன்று. அடிப்படத்தைச் சாம்பலாக்குவது பாதி வேலைதான். மற்ற தடங்கள் எல்லாம் இன்னும் வண்ணத்தில் நிற்குமே? Rule-based எடுத்து இரண்டே விதி போடுங்கள், முதலாவதற்குத் தடித்த நிறக்கோடு, ELSE-க்கு மெல்லிய சாம்பல்:

```
"route_no" IN ('21G','29C')
ELSE
```

இங்கே ஒரு சனியன் உண்டு. பல தடங்கள் ஒரே சாலையில் போவதால், சில இடங்களில் சாம்பல் கோடு மேலே ஏறி 29C-ஐ நறுக்கி நறுக்கிக் காட்டும். தரவு பிழை என்று நினைத்து நான் ஒரு மாலை முழுக்கத் தேடினேன். Symbol Levels-ஐ இயக்கி, சாம்பலுக்கு 0, நிறத்துக்கு 1 கொடுத்ததும் சரியானது. அப்புறம் Brightness-ஐ ரொம்ப ஏற்றாதீர்கள். மடிக்கணினியில் அழகாகத் தெரிகிற சாம்பல் புரொஜெக்டரில் காணாமல் போய்விடும், கடைசி வரிசையில் உட்கார்ந்து பாருங்கள். ஊர்ப் பெயர்களும் அந்த அடிப்படத்திலேயே பதிந்தவை, அவையும் கூடவே வெளுக்கும். முக்கிய நிறுத்தங்களின் பெயரைத் தனி லேயராக மேலே போட வேண்டியதுதான்.

ஆக, Saturation இறக்குவது ஒரு செயல், பின்னால் தள்ளுவது நோக்கம். ஒரே சொல் இரண்டையும் சுமக்காது.

குமரன்:
பின்னால் தள்ளுவதற்கு 'அடக்கி வாசித்தல்' இருக்கிறதே! மிருதங்கக்காரர் பாட்டுக்கு இடம் விடுகிற மாதிரி.

நாதன்:
நகைச்சுவை ஏட்டுக்கு ஆகாது. மேலும் மங்கலாக்கல் என்பதில் இன்னும் எனக்குப் பிழை தெரியவில்லை.

செல்வி:
நேரம் இல்லை. Saturation இறக்குவதற்கு 'நிறம் தணித்தல்' என்று போடுகிறேன், நான்கு பேர் தனி மடலில் சரி என்றார்கள். இரண்டும் சேர்ந்த முழு வேலைக்கு 'பின்புலம் அடக்கல்', குமரன் அண்ணனுக்கு நன்றி. மெனுப்பெயர்கள் திரையில் உள்ளபடியே இருக்கும்.

புலவர் ஐயா:
தணிவது சினமும் தாகமும். நிறம் தணியாது. என் மறுப்பைப் பதிவு செய்கிறேன்.

பாலு:
Traffic அணைந்தது. ஆனால் பத்திரிகைக்காரர் எப்படியும் கருப்பு வெள்ளையில்தான் அடிப்பாராம்.