எரிபொருளைக் கொட்டாமல் இரண்டு மணி நேரம் வட்டமடித்தார்கள், ஏன்?

கயல்: போன மாதம் நான் ஏறிய ஏர்பஸ் ஏ320, கிளம்பிய பத்தே நிமிடத்தில் ஏசி கோளாறு என்று திரும்பியது. உடனே இறங்காமல் இரண்டு மணி நேரம் சுற்றினார்கள். எடையைக் குறைக்கத்தான் என்றால் எரிபொருளைக் கொட்டியிருக்கலாமே?

மேகவண்ணன்: அதிக எடையோடு இறங்கினால் சக்கரக் கால் உடைந்துவிடும். அதனால் எல்லா விமானங்களும் கொட்டித்தான் ஆக வேண்டும். பக்கத்தில் கடல் இல்லாமல் இருந்திருக்கும்.

பழைய ஹேங்கர்: மேகவண்ணன், பாதி சரி. ஏ320, போயிங் 737 இரண்டிலும் கொட்டும் வசதியே கிடையாது. கால் அவ்வளவு லேசில் உடையாது. இறங்கும் எடை வரம்பில் நொடிக்கு 10 அடி வேகத்தில் தரையைத் தொட்டாலும், கிளம்பும் உச்ச எடையில் 6 அடி வேகத்தில் தொட்டாலும் தாங்கும்படிதான் வடிவமைக்கிறார்கள். வழக்கமாக 2, 3 அடிதான் இருக்கும்.

உண்மையான காரணம் ஏறும் திறன். கிளம்பிய உடனே திரும்பி வந்து, ஓடுதளத்தில் இறங்க முடியாமல் ஒரு இன்ஜின் செயலிழந்த நிலையில் மறுபடி மேலே போக வேண்டியிருந்தால், அந்த எடையில் ஏற முடியுமா? முடியும் என்று நிரூபித்தால் கொட்டும் கருவி தேவையில்லை என்கிறது விதி. ஏ320 அதில் தேறிவிடுகிறது. 777-300இஆர் கிளம்பும்போது சுமார் 351 டன் வரை இருக்கலாம், இறங்கும் வரம்போ 251 டன். அந்த 100 டன்னை எரித்துத் தீர்க்க அரை நாள் ஆகும். அதனால் கொட்டும் குழாய் வைத்திருக்கிறார்கள்.

ஜன்னலோரம்: நான் ஒருமுறை இறக்கை ஓரத்தில் வெள்ளையாக நீளப் புகை பார்த்துத் தீ என்றே நினைத்துவிட்டேன். அது கீழே இருப்பவர்கள் மேல் விழாதா?

பழைய ஹேங்கர்: ஐந்தாறாயிரம் அடிக்கு மேல் கொட்டினால் பெரும்பாலும் ஆவியாகிவிடும். 2020 ஜனவரியில் லாஸ் ஏஞ்சல்ஸில் டெல்டாவின் 777 ஒன்று தாழப் பறந்தபோது கொட்டியதில் பள்ளிக் குழந்தைகள் மேலேயே விழுந்தது. கொட்ட வேண்டுமா என்று கட்டுப்பாட்டாளர் கேட்டதற்கு, முதலில் வேண்டாம் என்றுதான் விமானி சொல்லியிருந்தார்.

கயல்: அப்படியென்றால் என் விமானம் நேராகவே இறங்கியிருக்கலாமே?

பழைய ஹேங்கர்: தீ, புகை என்றால் எடையோடு நேராக இறங்கியிருப்பார்கள். அப்புறம் நாங்கள் இறக்கைத் தகட்டில் சுருக்கம் விழுந்திருக்கிறதா, ரிவெட் தெறித்திருக்கிறதா, எரிபொருள் கசிகிறதா என்று டார்ச் அடித்துத் தேடுவோம். பிரேக் சூடேறி, சக்கரத்தில் இருக்கும் உருகுமுனை உருகினால் டயரில் காற்று இறங்கிவிடும். ஏசி கோளாறுக்கு அவசரம் இல்லை. எரித்து எடையைக் குறைத்தால் இந்த வேலையெல்லாம் மிச்சம்.

மேகவண்ணன்: ஆனால் இரண்டு மணி நேரம் ரொம்ப அதிகமாகத் தெரிகிறதே.

பழைய ஹேங்கர்: ஏ320 மணிக்கு இரண்டரை டன் அளவில்தான் எரிக்கும். வரம்பை விட ஐந்து டன் அதிகம் இருந்திருந்தால் கணக்கு சரியாக வரும். எவ்வளவு இருந்தது என்பது அந்த கேப்டனின் லோடு ஷீட்டில்தான் இருக்கும்.