வங்கியில் வந்தது 15.3 லட்சம், பில் போட்டது 17.4 லட்சம்: வருமானம் எது? ஜிஎஸ்டி வருமா?

வெப்_மதுரை (கேள்வி)

வணக்கம். மதுரையில் வீட்டிலிருந்தே வெப்சைட் செய்து தருகிறேன். எல்லாரும் அமெரிக்க கிளையண்டுகள். ஒரு ஃப்ரீலான்ஸ் தளம் வழியாக மாதம் 2,000 டாலர் பில். தளம் 10 சதவீதம் கமிஷன் எடுக்கிறது, மீதி 1,800 டாலர் ரூபாயாக மாறி என் கணக்குக்கு வருகிறது. மாற்றும்போதும் கொஞ்சம் குறைகிறது.

2025 ஏப்ரல் முதல் இந்த ஜனவரி வரை வங்கிக் கணக்கில் வந்தது சுமார் 15.3 லட்சம். வேறு வருமானம் இல்லை. ரிட்டர்னில் இந்தத் தொகையைக் காட்டினால் போதுமா? வருடம் முழுக்கச் சேர்த்தாலும் 18.5 லட்சத்தைத் தாண்டாது என்பதால் ஜிஎஸ்டி பற்றி யோசிக்கவில்லை. என்னென்ன காகிதம் வைத்திருக்க வேண்டும்?

கோவை_தம்பி

எக்ஸ்போர்ட் சர்வீஸுக்கு ஜிஎஸ்டி பூஜ்யம் அக்கா. எத்தனை லட்சம் வந்தாலும் பதிவே தேவையில்லை. வருமான வரிக்கு, வரவில் பாதியை வருமானமாக எடுத்துக்கொள்ளும் 44ஏடிஏ பிரிவில் பாதியைக் காட்டினால் வேலை முடிந்தது. நான் அப்படித்தான் செய்கிறேன்.

ஆடிட்டர்_நெல்லை

தம்பி சொன்னதில் பாதி சரி. ஏற்றுமதிக்கு வரி பூஜ்யம்தான். ஆனால் பதிவு வேண்டுமா என்பதை முடிவு செய்வது வரி அல்ல, டர்ன்ஓவர். சேவைக்கு 20 லட்சம் எல்லை. அந்தக் கணக்கில் ஏற்றுமதியும் சேரும்.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன், அம்மா. கிளையண்ட் உங்கள் வேலைக்குக் கொடுக்கும் விலை 2,000 டாலர். கமிஷன் என்பது தளத்துக்கு நீங்கள் தரும் செலவு. முன்கூட்டியே கழித்துக்கொண்டாலும் அது செலவுதான். ஆகவே உங்கள் டர்ன்ஓவர் பில் தொகைதான். ஒன்றை மட்டும் உறுதி செய்துகொள்ளுங்கள்: பில் கிளையண்ட் பெயரில் இருக்கிறதா, தளத்தின் பெயரில் இருக்கிறதா? தளமே உங்களிடம் வாங்கி கிளையண்டுக்கு விற்கும் ஏற்பாடு என்றால் கணக்கு மாறும்.

டாலர் 87 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஒரு பில் 1,74,000. பத்து பில் 17.4 லட்சம். பிப்ரவரி பில்லோடு 19.14 லட்சம். மார்ச் பில் போட்டதும் 20.88 லட்சம். வங்கிக் கணக்கைப் பார்த்தால் அப்போதும் 18.4 லட்சம்தான் தெரியும். பலர் சிக்குவது இந்த இரண்டரை லட்ச இடைவெளியில்தான். பாஸ்புக்கை வைத்து எல்லையைக் கணக்கிட்டால் தாண்டியதே தெரியாது.

வெப்_மதுரை

பில் கிளையண்ட் பெயரில்தான் சார் இருக்கிறது. தளத்தின் கமிஷனுக்குத் தனி ரசீது வருகிறது. அப்படியானால் வருமான வரி கூடிவிடுமா?

ஆடிட்டர்_நெல்லை

இந்த வருடம் கூடாது. தகவல் தொழில்நுட்பம் 44ஏடிஏ-வில் அடங்கும் தொழில், வெப்சைட் செய்பவர்கள் அதில் வருகிறார்கள். மொத்தம் 20.88 லட்சம் என்றால் பாதி, 10.44 லட்சம், வருமானம். கமிஷன், இன்டர்நெட், லேப்டாப் எல்லாம் மீதிப் பாதிக்குள் அடங்கிவிட்டதாகவே சட்டம் எடுத்துக்கொள்ளும். தனியாகக் கழிக்க முடியாது. அதனால் 18.4 லட்சத்தில் பாதி போட்டால் கமிஷனை இரண்டு தடவை கழித்த மாதிரி ஆகிவிடும்.

புதிய வரிமுறையில் 2025-26க்கு 10.44 லட்சத்துக்கு வரி 44,400 வரும். வருமானம் 12 லட்சத்துக்குள் இருப்பதால் தள்ளுபடியில் அது முழுக்கப் போய்விடும். அடுத்த வருடம் வரி வரும் அளவுக்கு வளர்ந்தால், 44ஏடிஏ-காரர்கள் முன்வரியை மார்ச் 15-க்குள் ஒரே தவணையில் கட்டலாம்.

திருச்சி_அம்மா

என் மகன் துபாயிலிருந்து மாதாமாதம் பணம் அனுப்புகிறான். அதற்கும் பில் போட வேண்டுமா? படித்ததும் பயமாகிவிட்டது.

ஆடிட்டர்_நெல்லை

வேண்டாம் அம்மா. மகன் தாய்க்கு அனுப்புவது வருமானம் ஆகாது. இங்கே பேசுவது செய்த வேலைக்கு வரும் கூலி பற்றி.

நாகர்கோவில்_டெவ்

திருச்சி அம்மா கேட்டதும் எனக்கு ஒன்று நினைவுக்கு வருகிறது. வெப்_மதுரை, உங்கள் வங்கி தரும் எஃப்.ஐ.ஆர்.ஏ. சான்றை எடுத்து, அதில் நோக்கக் குறியீடு என்ன என்று பாருங்கள். எனக்கு நேரடி கிளையண்ட் ஒருவர் அனுப்பியதை வங்கி P1301 என்று பதிந்திருந்தது. அது குடும்பப் பராமரிப்புக்கு வரும் பணத்துக்கான குறியீடு. மென்பொருள் ஆலோசனைக்கு P0802. பில், ஒப்பந்த மின்னஞ்சல் இரண்டையும் இணைத்து வங்கிக்கு எழுதினேன். திருத்தித் தந்தார்கள், ஆனால் இழுத்தடித்தார்கள். வெளிநாட்டுப் பணமாக வந்ததற்கு ஆதாரம் அந்தச் சான்றுதான். அதில் குடும்பப் பணம் என்று இருந்தால் ஏற்றுமதி என்று எப்படி நிரூபிப்பது?

ஆடிட்டர்_நெல்லை

மிகச் சரி. காகிதம் என்று கேட்டீர்களே, வெப்_மதுரை: ஒவ்வொரு பில்லுக்கும் ஒரு சங்கிலி இருக்க வேண்டும். எண்ணிட்ட பில், அந்த வேலைக்கான ஒப்பந்தம் அல்லது மின்னஞ்சல், தளத்தின் கமிஷன் ரசீது, எஃப்.ஐ.ஆர்.ஏ., வங்கி வரவு. ஐந்தையும் ஒரே ஃபோல்டரில் பில் எண் பெயரில் போடுங்கள். ஒரு விரிதாளில் 2,000 டாலர் எப்படி 1,800 ஆகி எத்தனை ரூபாயாக வந்தது என்று வரிக்கு வரி எழுதுங்கள். தளத்தின் அறிக்கைகளை மாதாமாதம் இறக்கி வையுங்கள், கணக்கு முடங்கினால் பிறகு கிடைக்காது. ஜிஎஸ்டி பதிவு எடுத்தால் ஆண்டு ரிட்டர்ன் கடைசித் தேதியிலிருந்து 72 மாதம் வைத்திருக்க வேண்டும்.

பதிவை மார்ச் வரை தள்ளாமல் பிப்ரவரியிலேயே எடுங்கள். உடனே GST RFD-11 படிவத்தில் எல்.யு.டி. என்ற உறுதிமொழிக் கடிதம் போடுங்கள். அது இருந்தால்தான் வரி கட்டாமல் ஏற்றுமதி பில் போடலாம். இல்லையென்றால் 18 சதவீதம் கட்டிவிட்டுத் திரும்பக் கேட்க வேண்டும். இன்னொன்று, எல்.யு.டி. நிதியாண்டோடு முடிந்துவிடும். பிப்ரவரியில் போட்டது மார்ச் 31 வரைதான். ஏப்ரல் முதல் பில்லுக்கு முன் புதிதாகப் போட வேண்டும். மறப்பவர்கள் அதிகம்.

கோவை_தம்பி

சரி சார், எல்லைக் கணக்கு புரிந்தது. ஆனால் பதிவு எடுத்தால் வெளிநாட்டுத் தளத்தின் கமிஷனுக்கு நாமே 18 சதவீதம் கட்ட வேண்டும் என்கிறார்களே?

ஆடிட்டர்_நெல்லை

ஆமாம், ரிவர்ஸ் சார்ஜ். மாதம் 200 டாலர் கமிஷன் என்றால் 17,400 ரூபாய்க்கு 3,132. பணமாகக் கட்டி, உள்ளீட்டு வரவாக எடுத்து, ஏற்றுமதியாளர் என்ற முறையில் திரும்பக் கேட்கலாம். திரும்ப வரும்வரை கைக்காசு முடங்கும் என்பது உண்மை.

வெப்_மதுரை

எஃப்.ஐ.ஆர்.ஏ. எடுத்துப் பார்த்தேன். தளம் வழியாக வந்தவை எல்லாம் P0802. தளத்துக்கு வெளியே ஒரு கிளையண்ட் நேரடியாக அனுப்பிய முன்பணம் மட்டும் P1301! நாளை வங்கிக்கு எழுதுகிறேன். இன்னொரு கேள்வி: பில் தேதி ரேட்டா, பணம் வந்த தேதி ரேட்டா?

நாகர்கோவில்_டெவ்

நான் எல்லாவற்றுக்கும் பணம் வந்த தேதி ரேட்டையே போடுகிறேன்.

ஆடிட்டர்_நெல்லை

வருமான வரியில், வருடத்துக்குள் இந்தியாவுக்கு வந்துவிட்ட பணத்துக்கு அது சரியான வழி. ஜிஎஸ்டியில் பில் போட்ட நேரத்து ரேட்டைத்தான் எடுக்க வேண்டும். 20 லட்சத்தைத் தொடும் நேரத்தில் இந்த வித்தியாசமே ஒரு பில்லை இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ தள்ளிவிடும். விரிதாளில் இரண்டு ரேட்டுக்கும் தனித்தனி பத்தி வையுங்கள். அந்த முன்பணத்தையும் மொத்தத்தில் சேர்த்துப் பாருங்கள், பிப்ரவரியிலேயே தாண்டுகிறதா என்று. அது எவ்வளவு?