ஒரே வினாவுக்கு இரண்டு விடை வருகிறது, உதவுங்கள்

கொழும்பில் தரம் 8 தமிழ் வகுப்புக்கான வாக்கிய ஒழுங்கு வினா இது:

அ. அந்தப் பணி 1859இல் நிறைவடைந்தது.
ஆ. காலிமுகத்திடல் நடைபாதை அமைப்பை ஆளுநர் ஹென்றி வார்ட் 1856இல் தொடங்கினார்.
இ. அதைப் பேணும்படி அவர் தமக்குப் பின் வருவோரைக் கேட்டுக்கொண்டார்.

ஆ முதலில் வரும்; பெயர் அங்கேதான் இருக்கிறது. சிக்கல் இ-யில் உள்ள 'அதை'. அது ஆ-வில் வரும் நடைபாதையையே நேராகச் சுட்டலாம் என்பதால், ஆ-இ-அ என்று எழுதும் பிள்ளைக்குப் புள்ளி வெட்ட முடியாது. 'பின்னர் அதை' என்று மாற்றினாலும் எதற்குப் பின் என்பது தெரிவதில்லை. 'முடிந்த பாதையை' என்றால் ஆ-அ-இ மட்டுமே பொருந்தும், ஆனால் சுட்டுப்பெயர்ப் பயிற்சி போய்விடுகிறது. 'அதை'யை வைத்துக்கொண்டே ஒரே விடை வரச் செய்யும் இணைப்புச்சொல் எது? மாற்றிய வாக்கியத்தையே எழுதுங்கள்.