மழை மாசத்துல ஐஸ்க்ரீம் பிராண்ட எப்படி ஓட்டுனீங்க?

விற்பனைப் பையன்: சின்ன ஐஸ்க்ரீம் கம்பெனில சேல்ஸ் பாக்குறேன், மினிமார்ட் கடைகள்தான் எங்க ஏரியா. நவம்பர் பாதில தொடங்குனா ஜனவரி வரைக்கும் ஆர்டரே வர மாட்டேங்குது. இந்த நேரத்த தாண்டுனவங்க அனுபவத்த சொல்லுங்க.

நியூட்டன் ரவி: சிங்கப்பூர்ல ஏதுப்பா சீசன், வருசம் முழுக்க வெயில்தானே? ரெண்டு வாங்குனா ஒண்ணு ஃப்ரீன்னு போடு, தன்னால ஓடும்.

பழைய சப்ளையர்: ரவி சொல்றது பாதி சரி. குளிர் பெரிசா இல்லதான், ஆனா சாயங்காலம் மழை ஊத்துனா கடைக்கு நடந்து வர்ற ஆளே குறையும், அதோட வருசக் கடைசி ஸ்கூல் லீவு வேற, ஸ்கூல் பக்கத்துக் கடையில குச்சி ஐஸ் அப்படியே கிடக்கும். ஆஃபர் போட்டா ஜனவரில வாங்க வேண்டியவங்க டிசம்பர்லயே வாங்கி வச்சிக்குவாங்க, அவ்ளோதான்.

நான் பயந்தது விற்பனைக்கு இல்ல, ஃப்ரீசருக்கு. தேக்கா பக்கம் ஒரு கடையில நம்ம ஃப்ரீசர்ல சரக்கு நகரலன்னதும் அண்ணன் ஃப்ரோசன் பரோட்டாவும் மீன் உருண்டையும் அடுக்கிட்டாரு. மார்ச்ல வெயில் வந்தப்போ நமக்கு இடமே இல்ல. அடுத்த வருசம் அக்டோபர்லயே கோனையும் குச்சியையும் ஒரு கூடைக்குக் குறைச்சிட்டு மீதில 500 மில்லி டப்பா வச்சேன், வெனிலா, சாக்லேட், குல்ஃபி மட்டும். ஒரு லிட்டர் வேணாம், எச்டிபி வீட்டு ஃப்ரீசர்ல தீபாவளி சமயத்துல அதுக்கு ஏது இடம். குலாப் ஜாமூன் மிக்ஸ் இருக்குற ரேக்ல, சூடான ஜாமூனோட வெனிலான்னு ஒரு சின்ன அட்டை மட்டும் தொங்க விட்டோம். விருந்தாளி வர்ற வீட்டுக்கு மழை ஒரு தடை இல்லல்ல. விற்பனை ஏறலன்னாலும் கடைக்காரர் நம்ம பக்கத்த தொடல.

பெடோக் அக்கா: எங்க வீட்டு டப்பா மூடியத் திறந்தா ஒரே பனிக்கட்டி, இதுக்கு கம்பெனி பணம் திருப்பிக் குடுக்குமா?

பழைய சப்ளையர்: அக்கா கேள்வி வேற, ஆனா விஷயம் இதுதான். ஃப்ரீசர் சூடு ஏறி இறங்கும்போது லேசா உருகி மறுபடி உறையும், அப்போ சின்ன படிகம் பெரிசாகி நாக்குல மணல் மாதிரி நெருடும். மழை மாசத்துல சரக்கு ரொம்ப நாள் கிடக்குறதால இது அதிகம், தேதி முடியலன்னாலும் சரக்கு போயிடுச்சு. ஃப்ரீசர் மைனஸ் 18 டிகிரில நிக்கணும். தம்பி, நீங்க கடையில ஒரு டப்பாவ திறந்து பாருங்க, ஐஸ்க்ரீம் ஓரத்துலேருந்து சுருங்கி இடைவெளி விட்டிருந்தா எடுத்துடுங்க. அதை விக்க விட்டா மார்ச்ல அந்த ஆள் நம்ம பேரையே தொட மாட்டாரு.

விற்பனைப் பையன்: சரிண்ணே, ஆனா எடுத்த சரக்கு நஷ்டம் யார் தலையில?

பழைய சப்ளையர்: நாங்க பாதி பாதி போட்டோம், கடைக்காரர் ஃப்ரீசர ராத்திரில ஆஃப் பண்ணுறாருன்னு தெரிஞ்சா மட்டும் குடுக்கல.

மினிமார்ட் தம்பி: கரண்ட் பில்லு நான்தானே கட்டுறேன், சரக்கே ஓடாத மாசத்துல ஏன் ஓட விடணும்? அதையும் பாதி போடுங்கண்ணே பேசலாம்.